அத்தையின் பதின்மூன்று லட்சம்: வட்டியில் எவ்வளவு உண்மையில் வட்டி?

கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் அத்தை 2020 ஜூனில் ஒரு வங்கியில் 10 லட்சம் ரூபாயை ஐந்து ஆண்டு டெபாசிட்டாகப் போட்டார். அப்போது கிடைத்த வட்டி 5.4 சதவீதம். காலாண்டுக்கு ஒரு முறை வட்டி அசலோடு சேர்ந்து வளரும் வகை அது. 2025 ஜூனில் 13 லட்சத்து 7 ஆயிரத்துச் சொச்சம் கைக்கு வந்தது. ஆகஸ்ட் முதல் வாரம் நான் பாளையங்கோட்டையிலிருந்து போயிருந்தபோது, திண்ணையில் மூன்று படிவங்களைப் பரப்பி வைத்திருந்தார். ஒன்று அதே வங்கியின் ஐந்து ஆண்டு டெபாசிட், மூத்தவர்களுக்கு 6.8 சதவீதம். இன்னொன்று அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், 8.2 சதவீதம். மூன்றாவது ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டிப் பத்திரம். அன்றைய நிலவரம் 8.05 சதவீதம்.

"ஐந்து வருடத்தில் மூன்று லட்சம் சும்மா வந்திருக்கிறது, ஐயா. இந்தத் தடவை எதில் போட்டால் இன்னும் கூட வரும் என்று பார்த்துச் சொல்லு" என்றார்.

அந்தச் 'சும்மா' என்ற சொல்லில்தான் எனக்கு மனம் நின்றது. எந்தப் படிவத்தில் கையெழுத்திடுவது என்பதற்கு முன், அந்த மூன்று லட்சம் என்ன என்று பார்த்துவிடலாம் என்றேன்.

2020 ஜூனிலிருந்து 2025 ஜூன் வரை நாட்டின் நுகர்வோர் விலைக் குறியீடு ஏறக்குறைய 28 சதவீதம் ஏறியிருக்கிறது. 2020இல் 10 லட்சத்துக்கு வாங்கிய அதே அரிசி, பால், மருந்து, பஸ் டிக்கெட், துணிமணியை 2025இல் வாங்க 12 லட்சத்து 80 ஆயிரம் வேண்டும். அத்தையிடம் இருப்பது 13 லட்சத்து 7 ஆயிரம். ஆக, வந்த மூன்று லட்சத்து 7 ஆயிரத்தில் 2 லட்சத்து 80 ஆயிரம், அசல் தன் பழைய பலத்தைத் திரும்பப் பெறவே போய்விட்டது. பணத்தை ஐந்து ஆண்டு விட்டுக்கொடுத்ததற்கான கூலி 27 ஆயிரம் ரூபாய்தான். வங்கிப் புத்தகத்தில் எழுதியிருக்கும் 5.4 பெயரளவு வட்டி. விலையேற்றம் போக மிஞ்சிய, ஆண்டுக்கு அரை சதவீதத்துக்கும் குறைவான அந்தத் துளிதான் உண்மை வட்டி.

அத்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இது அப்போதே தெரியாதா?" என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்வி அதுதான். தெரியாது. பெயரளவு வட்டி போடும் அன்றே தெரியும். உண்மை வட்டி முதிர்வு நாளில்தான் தெரியும். நடுவில் நம் கையில் இருப்பது ஓர் எதிர்பார்ப்பு மட்டுமே.

இதைச் சூத்திரமாகச் சொல்வதற்கு முன் எங்கள் தாத்தா சொல்லும் நெல் கணக்கு ஒன்று இருக்கிறது. நடவு நேரத்தில் ஒரு கோட்டை நெல் கடன் வாங்கினால், பிசான அறுப்பு முடிந்ததும் ஒன்றேகால் கோட்டையாக அளக்க வேண்டும். அரை வருடத்துக்குக் கால் பங்கு வட்டி என்றால் கொடுமையாகத் தெரிகிறது. ஆனால் நடவு நேரத்தில் நெல் அரிது, விலை கூடுதல். அறுப்பு நேரத்தில் களமெல்லாம் நெல், விலை சரியும். வாங்கும்போது கோட்டை 100 ரூபாய், திருப்பும்போது 80 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிய ஒன்றேகால் கோட்டையின் மதிப்பு சரியாக 100 ரூபாய். நெல்லில் பார்த்தால் 25 சதவீத வட்டி. பணத்தில் பார்த்தால் வட்டியே இல்லை. ஒரே கடன், இரண்டு வட்டி. இரண்டையும் கட்டியிருக்கும் கயிறு நெல் விலையின் மாற்றம்.

1.25 × 0.80 = 1.00

இதையே பொதுவாக எழுதினால் பொருளியலில் ஃபிஷர் சமன்பாடு என்று சொல்வது வந்துவிடும். பெயரளவு வட்டி i, உண்மை வட்டி r, எதிர்பார்க்கும் பணவீக்கம் π என்றால்:

(1 + i) = (1 + r) × (1 + π)

பணவீக்கம் ஒற்றை இலக்கத்தில் இருக்கும்வரை பெயரளவு வட்டியிலிருந்து எதிர்பார்க்கும் பணவீக்கத்தைக் கழித்தாலே போதும், பெரிய பிழை வராது. அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் 1896இல் இதைச் சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்டவற்றில் நம் நாட்டுக் கடன் பத்திரங்களும் உண்டு என்பது எனக்கு என்றும் வியப்பு. அன்றைய இந்திய அரசு லண்டனில் இரண்டு வகைக் கடன் வைத்திருந்தது: ஒன்று வெள்ளி ரூபாயில் வட்டி தருவது, இன்னொன்று தங்கத்தோடு கட்டப்பட்ட பிரிட்டிஷ் பவுண்டில் தருவது. கடன் வாங்கியவர் ஒருவரே. ஆனாலும் இரண்டும் ஈட்டித் தந்த வட்டி வேறு. தங்கத்துக்கு எதிரே ரூபாய் தேயும் என்று முதலீட்டாளர்கள் எதிர்பார்த்த அளவுக்கு ரூபாய்ப் பத்திரத்தில் கூடுதல் வட்டி கேட்டார்கள். அவர்கள் எதிர்பார்த்ததைவிட ரூபாய் அதிகமாகவே தேய்ந்தது. எதிர்பார்ப்பு வட்டிக்குள் ஏறும், ஆனால் முழுதாக ஏறாது என்பதை ஃபிஷர் அங்கேதான் கண்டார். என் அத்தையின் வங்கிப் புத்தகத்திலும் நடந்தது அதுவே.

2020 ஜூனில் எதை எதிர்பார்ப்பது நியாயமாக இருந்திருக்கும்? ரிசர்வ் வங்கிக்கு அரசு வைத்திருக்கும் பணவீக்க இலக்கு 4 சதவீதம், மேலும் கீழும் 2 வரை விலகலாம். 4 என்று நம்பிப் போட்டவருக்கு ஆண்டுக்கு ஒன்றரை சதவீத உண்மை வட்டி கிடைக்கும் என்ற கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் 2022 ஏப்ரலில் பணவீக்கம் 7.79 சதவீதத்தைத் தொட்டது. 2023 ஜூனில், மூன்று ஆண்டு முடிந்த நிலையில், அத்தையின் டெபாசிட் சுமார் 11 லட்சத்து 75 ஆயிரமாக வளர்ந்திருந்தது; அதே பொருள்களை வாங்க 11 லட்சத்து 92 ஆயிரம் வேண்டியிருந்தது. அன்று அவர் நட்டத்தில் நின்றார், புத்தகத்தில் வட்டி ஏறிக்கொண்டே இருந்தபோதும். நான்காம் ஆண்டு முடிவிலும் நட்டம்தான். கடைசி ஆண்டில் பணவீக்கம் 2.1 சதவீதமாக இறங்கியதால்தான் கணக்கு இந்தப் பக்கம் சாய்ந்தது.

எதிர்பார்ப்பு தவறுவது எப்போதும் போட்டவருக்குப் பாதகமாகத்தான் முடியும் என்று நினைத்துவிடக் கூடாது. 2013 டிசம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சேமிப்புப் பத்திரம் விற்றது. பத்து ஆண்டு, நுகர்வோர் விலைக் குறியீட்டுப் பணவீக்கம் எவ்வளவோ அவ்வளவு, அதன் மேல் 1.5 சதவீதம். டெபாசிட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற ஏற்பாடு அது: உண்மை வட்டி முதல் நாளே உறுதி, பெயரளவு வட்டிதான் தெரியாது. அப்போது விலைவாசி ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது, அதனால் அந்தப் பத்திரம் கவர்ச்சியாகவே தோன்றியிருக்க வேண்டும். ஆனாலும் அதிகம் பேர் வாங்கவில்லை, சில மாதங்களில் விற்பனையை மூடிவிட்டார்கள். அடுத்த பத்து ஆண்டில் பணவீக்கம் சராசரியாக 5 சதவீதத்தை ஒட்டி அடங்கிவிட்டது. பத்திரம் வாங்கியவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறரை. அதே நாளில் வங்கியில் 8.5க்கோ 9க்கோ பத்து ஆண்டு டெபாசிட் போட்டுவிட்டு, 'இது விலைவாசிக்குக்கூடக் காணாது' என்று வருந்தியவருக்கு 3.5 முதல் 4 வரை உண்மை வட்டி! அவர் வருத்தத்தில் தவறில்லை. அன்றைய எதிர்பார்ப்பில் அது சரியான வருத்தம்.

இப்போது திண்ணையில் இருந்த மூன்று படிவங்களுக்கு வருகிறேன்.

வங்கி டெபாசிட்டையும் அஞ்சலகத் திட்டத்தையும் ஒப்பிடப் பணவீக்கத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. இரண்டும் ஐந்து ஆண்டு, இரண்டிலும் போடும் நாளின் வட்டி கடைசிவரை மாறாது. விலைவாசி 3 சதவீதம் ஏறினாலும் 9 சதவீதம் ஏறினாலும் இரண்டிலிருந்தும் ஒரே அளவைத்தான் தின்னும். 8.2 எப்போதும் 6.8ஐ வெல்லும். உண்மை வட்டியைப் புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் எல்லா ஒப்பீட்டுக்கும் அதைக் கொண்டுவந்து குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே காலம், ஒரே நாணயம், மாறாத வட்டி என்றால் அது தேவையில்லை. வேறுபாடு அவசரத்துக்கு எடுப்பதில்தான்: அஞ்சலகத் திட்டத்தை ஓராண்டுக்குள் முடித்தால் வட்டி கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் என்றால் அசலில் ஒன்றரை சதவீதம் பிடிப்பார்கள், அதன் பிறகு ஒரு சதவீதம். அத்தைக்கு அது பெரிய தடையாகத் தோன்றவில்லை. வங்கிப் படிவத்தை மடித்து வைத்துவிட்டோம்.

எதிர்பார்ப்பு உண்மையில் வேலை செய்வது மாறாத வட்டிக்கும் மாறும் வட்டிக்கும் இடையில். மாறும் வட்டிப் பத்திரத்தைப் பற்றி அத்தைக்கு யாரோ, "விலைவாசி ஏறினால் வட்டியும் ஏறும்" என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அதன் மேல் ஒரு நம்பிக்கை. நான் அதை மறுத்தேன். அந்தப் பத்திரம் விலைக் குறியீட்டோடு கட்டப்பட்டதல்ல. தேசிய சேமிப்புப் பத்திரத்தின் வட்டி எவ்வளவோ, அதற்கு மேல் 0.35, ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருத்துவார்கள். தேசிய சேமிப்புப் பத்திரத்தின் வட்டியை முடிவு செய்வது அரசு. 2020 ஜூலையில் அந்த மாறும் பத்திரம் தொடங்கியபோது வட்டி 7.15. விலைவாசி 6, 7 என்று ஏறி 7.79 வரை போன அந்தக் காலம் முழுவதும், 2022 கடைசிவரை, அது 7.15ஆகவே நின்றது, 'மாறும்' என்ற பெயர் இருந்தும் மாறவில்லை. 2023 ஜனவரியில் 7.35, ஜூலையில் 8.05. அதற்குள் பணவீக்கம் உச்சத்தைக் கடந்துவிட்டது. சூறைக்காற்று ஓய்ந்த பிறகு வாழைக்குக் கம்பு ஊன்றியது போல.

குறுகிய கால டெபாசிட்டைத் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பது இதைவிட விரைவாக அசையும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை 4லிருந்து 6.5க்கு உயர்த்தியபோது, ஓராண்டு டெபாசிட் வைத்திருந்தவர்கள் அடுத்த புதுப்பித்தலிலேயே அதன் பயனைப் பெற்றார்கள். அத்தை 5.4இல் பூட்டிக் கிடந்தார். ஆனால் அந்தக் கத்தி மறுபக்கமும் வெட்டும்: வட்டி இறங்கும் காலத்தில் ஒவ்வொரு ஆண்டும் குறைந்த விகிதத்துக்குத்தான் புதுப்பிக்க முடியும். 2025 பிப்ரவரிக்குப் பிறகு நாம் அந்தப் பக்கத்தில் இருந்தோம். ஜூனில் ஒரே தடவையில் ரெப்போவை அரை சதவீதம் குறைத்தார்கள்.

ஆக, கேள்வி ஒன்றுதான்: அடுத்த ஐந்து ஆண்டில் விலைவாசி எவ்வளவு ஏறும் என்று அத்தை எதிர்பார்க்க வேண்டும்? கையில் இருந்த கடைசி அரசுக் கணக்கு ஜூன் மாதத்து 2.1 சதவீதம். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் அஞ்சலகத் திட்டத்தில் உண்மை வட்டி 6 சதவீதத்துக்கு மேல் என்று வரும். (பின்னர் அக்டோபரில் அந்த எண் 0.25க்கே இறங்கியது.) இதுதான் பலரும் சறுக்கும் இடம். 2.1 என்பது கடந்த ஆண்டில் நடந்தது. காய்கறி விலை முந்தைய ஆண்டில் எகிறியிருந்ததால் ஒப்பீட்டில் குறைந்து தெரிந்தது. நாம் பூட்டப்போவது வரும் ஐந்து ஆண்டை. அந்த வாரம் ரிசர்வ் வங்கியே தன் கொள்கை அறிக்கையில், 2026-27இன் முதல் காலாண்டுக்கு 4.9 சதவீதம் என்று மதிப்பிட்டிருந்தது. இலக்கு 4. இரண்டுக்கும் நடுவே நாலரை என்று வைப்பது நியாயம் என்று எனக்குப் பட்டது.

அத்தை அதற்கும் ஒப்பவில்லை. அடுக்களையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து வைத்தார். "இதற்கும் நாலரைதானா?" அந்த ஆண்டு தேங்காய் எண்ணெய் விலை எப்படி ஏறியது என்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். குறியீடு என்பது நாட்டின் சராசரிக் கூடை; உணவின் பங்கு அதில் அப்போது ஏறக்குறைய 46 சதவீதமாக இருந்தது, அதற்குள் எண்ணெய் ஒரு சிறு துண்டு. அத்தையின் கூடையில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை, பால், எண்ணெய் ஆகியவற்றுக்கு அதிக இடம். வீட்டு வாடகைக்கு இடமே இல்லை. ரிசர்வ் வங்கி நகரக் குடும்பங்களிடம் நடத்தும் கருத்துக் கணிப்பிலும் மக்கள் சொல்லும் விலையேற்றம் அரசுக் கணக்கைவிடக் கூடுதலாகவே வருகிறது. அடிக்கடி வாங்கும் பொருளின் விலை நினைவில் பெரிதாக நிற்கும் என்பது ஒரு காரணம். ஆனால் ஒவ்வொருவர் கூடையும் வேறு என்பதும் மெய். அதனால் அத்தைக்கு மட்டும் அரை சதவீதம் கூட்டி 5 என்று வைத்தோம். யாருடைய எதிர்பார்ப்போ அல்ல, அவர் செலவுக்கான எதிர்பார்ப்பு.

5இல் வைத்துப் பார்த்தால் அஞ்சலகத் திட்டத்தின் உண்மை வட்டி சுமார் 3 சதவீதம். விலைவாசி சராசரி 8க்கு மேல் போனால்தான் அது நட்டமாகும். மாறும் பத்திரம் இதை வெல்ல வேண்டுமானால் தேசிய சேமிப்புப் பத்திரத்தின் வட்டி 7.7லிருந்து 7.85க்கு மேல் ஏறி, அங்கேயே நிலைக்க வேண்டும். ரெப்போ இறங்கும் நேரத்தில் அதை எதிர்பார்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை. 10 லட்சத்தை அஞ்சலகத்தில் போடச் சொன்னேன். மிஞ்சிய 3 லட்சத்தை ஓராண்டு டெபாசிட்டாக வைக்கச் சொன்னேன்: அவசரத்துக்கும், என் எதிர்பார்ப்பு தவறி விலைவாசி சீறினால் கூடுதல் வட்டிக்கு மாற்றிக்கொள்ளவும்.

"வயலாக வாங்கிப் போட்டால்?" என்று ஒரு பேச்சு வந்தது. நெல்லாக வரும் குத்தகைப் பாட்டம் விலைவாசியோடு தானே ஏறும் வருமானம்தான். சாதாரண நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2020-21இல் குவிண்டாலுக்கு 1868 ரூபாய், 2025-26இல் 2369. ஏற்றம் 27 சதவீதம், விலைக் குறியீட்டின் 28க்குப் பக்கம். ஆனால் ஆற்றுப் பாசன வயலின் இன்றைய விலைக்கு வரும் பாட்டம் மிகச் சொற்பம். அறுபத்து மூன்று வயதில் வரப்பு வழக்கையும் சேர்த்து வாங்க வேண்டாம் என்றேன்.

வரி கட்டுபவர்கள் இன்னொன்றையும் கழிக்க வேண்டும், அத்தைக்கு அது இல்லை. எனக்கு 20 சதவீதம் வரி. 7 சதவீத வட்டியில், 5 சதவீத விலைவாசியில், உண்மை வட்டி 2. ஆனால் வரி 2க்கு அல்ல, 7 முழுவதற்கும்: 1.4 போகிறது, மிச்சம் 0.6. விலைவாசி 7ஆகி வட்டியும் அதற்கு ஈடாக 9 ஆனால்? வரி 1.8, மிச்சம் 0.2. எதிர்பார்ப்பு முழுமையாக வட்டியில் ஏறினாலும் வரி கட்டுபவருக்கு அது போதாது. அசலுக்கு வந்த ஈட்டையும் வருமானம் என்றே எண்ணி வரி போடுகிறார்கள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது; எதில் போடுவது என்பதைவிட அதுவே பெரிது என்று நினைக்கிறேன். அஞ்சலகத் திட்டம் வட்டியைச் சேர்த்து வைப்பதில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கையில் தந்துவிடும். 10 லட்சத்துக்கு 20,500 ரூபாய். ஆண்டுக்கு 82,000. அதை முழுதும் செலவழித்தால் ஐந்து ஆண்டு கழித்து அதே 10 லட்சம் திரும்ப வரும். ஆனால் 5 சதவீத விலைவாசியில் அன்றைய 10 லட்சம் இன்றைய 7 லட்சத்து 84 ஆயிரத்துக்குச் சமம். டெபாசிட்டில் அசலோடு ஒட்டியே வளர்ந்த ஈடு, இங்கே வட்டி என்ற பெயரில் கைக்கு வந்து கரைந்துவிடும். அசல் அப்படியே இருக்க வேண்டுமானால் முதல் ஆண்டில் 82,000இல் 50,000ஐத் திருப்பிப் போட வேண்டும். காலாண்டுக்கு 12,500 அசலின் பங்கு, 8,000 வட்டி.

"அப்படியானால் மாதத்துக்கு மூவாயிரம்கூட இல்லையே, ஐயா" என்றார் அத்தை.

இல்லைதான். மாமாவின் குடும்ப ஓய்வூதியம் வருகிறது, ஆனாலும் மருந்துச் செலவுக்கு அது பற்றாது. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்: காலாண்டுக்கு 7,000 ரூபாயை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போடுவது, மற்றதைச் செலவழிப்பது. அசல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்; தேய்வது தெரிந்தே தேயும். பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து, நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் 'அசல்' என்றும் வலப்பக்கம் 'வட்டி' என்றும் எழுதினார். நவம்பரில் தொலைபேசியில் பேசியபோது அவர் முதலில் கேட்டது, "விலைவாசிக் கணக்கு இந்த மாதம் எவ்வளவு சொல்லியிருக்கிறார்கள்?" என்பது. 0.25 என்றேன். "அதை நம்பி நான் ஏழாயிரத்தைக் குறைக்கப்போவதில்லை" என்றார்.